கடற்கரைக் கோயிலை அரிக்கும் உப்பு

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் வெளிச்சுவரில் உள்ள யாளிகளுக்கும் தெய்வ உருவங்களுக்கும் இன்று முகம் மழுங்கிவிட்டது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கோயில் இது. கடற்காற்று வாரி வரும் மணல் கல்லைத் தேய்ப்பது உண்மைதான். ஆனால் கல்லை உள்ளிருந்தே உடைப்பது உப்பு.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று சுவருக்குக் கொண்டு வருகிறது. கருங்கல் கெட்டியான கல் என்றாலும், நூற்றாண்டுக் கணக்கான வெயிலிலும் மழையிலும் அதன் மணிகளுக்கிடையே மயிரிழை விரிசல்கள் விழுந்திருக்கும். உப்புநீர் அவற்றுக்குள் இறங்குகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்வரை சோற்றுப்பு கரைந்தே இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் படிகமாகிறது. கடலோரத்தில் ஈரப்பதம் இந்த எல்லையை அடிக்கடி தாண்டி ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் படிகம் வளர்ந்து விரிசலின் சுவர்களை நெருக்குகிறது.

கல்லின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தால் பார்ப்பவர் பதறுவார்கள். உண்மையில் அது அவ்வளவு கெடுதல் இல்லை. தூரிகையால் மெல்லத் துடைத்துவிடலாம். மேற்பரப்புக்குச் சற்று உள்ளே படியும் உப்புதான் ஆபத்தானது. அங்கே கல் மாவாக உதிரும், ஏடு ஏடாகப் பெயரும். விரலால் லேசாகத் தட்டினால் உள்ளீடற்ற ஓசை வரும்.

இந்த உப்பை வெளியேற்ற இந்தியத் தொல்லியல் துறை கையாளும் முறை காகிதக் கூழ்ப் பற்று. உப்பு கலவாத காகிதக் கூழைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, கல்லோடு ஒட்டும்படி அப்புகிறார்கள். கூழின் ஈரம் கல்லுக்குள் சென்று உப்பைக் கரைக்கிறது. கூழ் காயும்போது அந்தக் கரைசல் வெளிப்பக்கம் இழுபட்டு, உப்பு கூழில் தங்குகிறது. பற்றை உரித்து, வடித்த நீரில் அலசி, அந்த நீரில் சில துளி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்ப்பார்கள். பால் போல் கலங்கினால் உப்பு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கலங்கல் மிகவும் குறையும்வரை பற்று மாற்றப்படும். கூழில் நீர் மிகுந்தால் உப்பு இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். அளவு தெரிந்த கை வேண்டும். அப்படிச் செய்தாலும் மேற்பரப்பை ஒட்டிய உப்புதான் வரும்.

கடல் அருகிலேயே இருப்பதால் உப்பு மறுபடி சேரும். அதனால்தான் அலை வேகத்தைத் தணிக்கக் கோயிலைச் சுற்றிப் பாறாங்கற்கள் கொட்டப்பட்டன. காற்றை மறிக்கச் சவுக்குத் தோப்பு வளர்க்கப்பட்டது. இவை கல்லைத் தொடாமலே காக்கின்றன.

கல் இடுக்கைச் சிமெண்டால் அடைப்பது நேர்மாறான வேலை. சிமெண்ட் தன் பங்குக்கு உப்பைக் கொண்டு வருகிறது. ஈரம் வெளியேற வேண்டிய இணைப்பையும் அது அடைத்துவிடுவதால், நீர் கல் வழியே உலர்ந்து சிற்பத்திலேயே உப்பை விட்டுச் செல்கிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை விடும். கேடு வந்தாலும் காரையே முதலில் உதிரும், அதை மாற்றிக்கொள்ளலாம். மணல் வீச்சால் சுத்தம் செய்வதோ எஞ்சிய தோலையும் உரித்து, உப்புக்குப் புதிய வாசல்களைத் திறந்துவிடுகிறது.