பார்க்காமல் விட்ட கிளைகள்

டிக்-டாக்-டோவில் ஒருபோதும் தோற்காத ஒரு நிரலை எழுதப் பெரிய ஆட்டஞானம் எதுவும் வேண்டாம். நடுக்கட்டம் பலமானது, மூலையைப் பிடித்தால் நல்லது என்றெல்லாம் அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எங்கே காய் வைக்கலாம் என்பதும், ஆட்டம் முடிந்தபின் வென்றது யார் என்று பார்ப்பதும் தெரிந்தால் போதும். மீதியை அது எண்ணிப் பார்த்தே கண்டுபிடித்துவிடும். எப்படி எண்ணுகிறது, எந்த இடத்தில் எண்ணுவதை நிறுத்துகிறது என்பதை ஒரே ஒரு ஆட்டநிலையை வைத்துப் பார்ப்போம். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக 1 முதல் 9 வரை எண் கொடுத்துக்கொள்வோம். ஆட்டம் பாதிக்குமேல் நடந்து இப்படி நிற்கிறது:

```
 O | 2 | 3
---+---+---
 X | O | 6
---+---+---
 X | O | X
```

எக்ஸ் நிரலின் காய், ஓ எதிராளியின் காய். இப்போது வைக்க வேண்டியது நிரல். காலியாக இருப்பவை 2, 3, 6 ஆகிய மூன்று கட்டங்கள்.

நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு ஓக்கள் நிற்பதை ஆடிப் பழகியவர் உடனே பார்த்துவிடுவார். 2-இல் இன்னொன்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆனால் 3-உம் 6-உம் ஆசை காட்டுகின்றன. வலது ஓரத்தில் 9-இல் ஏற்கெனவே எக்ஸ் இருக்கிறது. 3-இலோ 6-இலோ இன்னொன்றை வைத்தால் அடுத்த முறை வென்றுவிடலாம் போலத் தோன்றும். தன் காய்கள் எந்த வரிசையில் அதிகம் சேர்கின்றன என்று மட்டும் பார்க்கும் நிரல் இங்கே தோற்றுப்போகும்.

மினிமேக்ஸ் முறை அப்படி ஆசைப்படுவதில்லை. அது ஆட்டத்தைக் கடைசிவரை ஆடிப் பார்க்கிறது. நிரல் வென்றால் 1, சமன் என்றால் 0, தோற்றால் -1. முடிந்த ஆட்டத்துக்கு மட்டும்தான் இந்த மதிப்பெண்ணை நேரடியாகக் கொடுக்க முடியும். முடியாத நிலைக்கு மதிப்பெண் கீழேயிருந்து வருகிறது. நிரல் வைக்க வேண்டிய நிலையானால், அங்கிருந்து கிளைக்கும் நிலைகளில் மிகப் பெரிய மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளும். எதிராளி வைக்க வேண்டிய நிலையானால் மிகச் சிறியதை எடுத்துக்கொள்ளும்; எதிராளியும் தன்னைப் போலவே பிழையில்லாமல் ஆடுவார் என்று வைத்துக்கொள்கிறது. பெரியது, சிறியது, பெரியது, சிறியது என்று மாறி மாறி மேலேறி வரும் அந்த எண்தான் ஒவ்வொரு நகர்வின் தரத்தையும் சொல்கிறது.

நம் நிலையில் நிரல் முதலில் 2-ஐ எடுத்துப் பார்க்கட்டும். எதிராளி 3-இல் வைத்தால் மிச்சமிருக்கும் 6 நிரலுக்கு. யாரும் வெல்லவில்லை, 0. எதிராளி 6-இல் வைத்தால் 3 நிரலுக்கு, அதுவும் 0. இரண்டில் சிறியது 0. ஆகவே 2-இன் மதிப்பு 0.

அடுத்து 3. எதிராளி 2-இல் வைக்கிறார், நடு வரிசை நிறைகிறது, -1. எதிராளி அசந்துபோய் 6-இல் வைத்தால் நிரல் 2-ஐ அடைத்துவிடும், ஆட்டம் சமனாகும், 0. இரண்டில் சிறியது -1. கடைசியாக 6-இல் வைத்துப் பார்த்தாலும் இதே கதை: எதிராளி 2-இல் வைத்தால் -1, 3-இல் வைத்தால் 0, சிறியது -1. மூன்று நகர்வுகளில் 0 தரும் 2-தான் பெரியது. நிரல் அங்கே வைக்கிறது. "முதலில் எதிராளியைத் தடு" என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்ததிலிருந்தே அது தானாக வந்தது.

இதற்காக அது 13 நிலைகளைப் பார்த்தது. ஆனால் வெறும் பலகையிலிருந்து தொடங்கினால் டிக்-டாக்-டோ 2,55,168 விதமாக நடந்து முடியலாம். கணினிக்கு இது பெரிய எண் அல்ல. கொஞ்சம் பெரிய பலகைக்குப் போனால்தான் தாங்காது. அங்கேதான் ஆல்ஃபா-பீட்டா வெட்டு வேண்டியிருக்கிறது.

மேலே செய்த கணக்கில் வீண் வேலை எது என்று பாருங்கள். 2-ஐப் பார்த்து முடித்ததும் நிரலிடம் குறைந்தது 0 கைவசம் இருக்கிறது. பிறகு 3-ஐ எடுத்தது. எதிராளியின் முதல் பதிலே -1 என்று தெரிந்தது. இதற்குமேல் எதிராளியின் இன்னொரு பதிலை ஏன் பார்க்க வேண்டும்? அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எதிராளி சிறியதைத்தான் எடுப்பார். 3-இன் மதிப்பு -1-ஐத் தாண்டாது. கையில் 0 இருக்கும்போது அது வேண்டாம். அந்தக் கிளையை அப்படியே விட்டுவிடலாம். 6-க்கும் அதுவே. இப்போது பார்த்த நிலைகள் 9 மட்டும்.

நிரல் இதுவரை தனக்கு உறுதி செய்துகொண்ட மதிப்புக்கு ஆல்ஃபா என்று பெயர். எதிராளி தனக்கு உறுதி செய்துகொண்டது பீட்டா. பீட்டா ஆல்ஃபாவுக்குச் சமமாகவோ கீழேயோ இறங்கிவிட்டால் அந்தக் கிளையில் மேற்கொண்டு பார்ப்பதால் முடிவு மாறாது. எதிராளியின் முறைக்கான பகுதி இவ்வளவுதான்:

```python
for m in empty(board):
    v = search(play(board, m, 'O'), 'X', alpha, beta)
    best = min(best, v)
    beta = min(beta, best)
    if beta <= alpha:
        break
```

நிரலின் முறைக்கு இதையே திருப்பிப் போட்டு, `max` கொண்டு ஆல்ஃபாவை உயர்த்த வேண்டும்.

இந்த ஆதாயம் எப்போதும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அதே நிலையில் கட்டங்களை 9-லிருந்து கீழ்நோக்கி எடுத்துப் பாருங்கள். முதலில் 6: எதிராளி 3-இல் வைத்தால் 0, 2-இல் வைத்தால் -1, ஆகவே -1. ஆல்ஃபா இப்போது -1 மட்டுமே. அடுத்து 3: எதிராளியின் முதல் பதில் 6, மதிப்பு 0. அது ஆல்ஃபாவைவிடப் பெரியது, வெட்ட முடியாது. இரண்டாவது பதிலையும் பார்த்தாக வேண்டும். கடைசியில் 2, அதையும் முழுவதும். மொத்தம் 13. ஒரு நிலைகூட மிச்சமாகவில்லை. நல்ல நகர்வை முதலில் பார்த்தால்தான் மற்றவற்றை விரைவில் தள்ள முடியும். எதிராளியின் பக்கத்திலும் அவருடைய மிகக் கூர்மையான பதிலை முதலில் பார்க்க வேண்டும்.

இந்த எண்ணம் சதுரங்கத்திலிருந்து வந்தது. 1956-இல் டார்ட்மவுத்தில் நடந்த கோடைக்கால ஆய்வரங்கில் ஐபிஎம்மைச் சேர்ந்த அலெக்ஸ் பெர்ன்ஸ்டைன் தன் சதுரங்க நிரலை விளக்கினார். ஒவ்வொரு நிலையிலும் ஏழு நகர்வுகளைத் தேர்ந்து, நான்கு அடி ஆழம் பார்க்கும் நிரல் அது. தேவையில்லாத கிளைகளையும் அது பார்க்கிறது என்று ஜான் மெக்கார்த்தி அங்கேயே சுட்டிக்காட்டினார். எவ்வளவு மிச்சமாகும் என்பதை டொனால்ட் கனூத்தும் ரொனால்ட் மூரும் 1975-இல் கணக்கிட்டு எழுதினார்கள். நிலைக்கு 35 நகர்வுகள், ஆறு அடி ஆழம் என்று வைத்தால் மரத்தின் நுனியில் சுமார் 184 கோடி நிலைகள் இருக்கும். நகர்வுகளின் வரிசை மிகச் சரியாக அமைந்தால் அவற்றில் 85,749-ஐப் பார்த்தால் போதும். அதனால்தான் சதுரங்க நிரல் எழுதுகிறவர்கள் நகர்வுகளை வரிசைப்படுத்துவதற்கு இவ்வளவு உழைக்கிறார்கள்: காயை வெட்டும் நகர்வு முதலில், முந்தைய தேடலில் சிறந்ததாக வந்த நகர்வு அதற்கும் முன்னால். இவ்வளவு வெட்டியும் சதுரங்கத்தைக் கடைசிவரை பார்க்க முடியாது. ஏதோ ஓர் ஆழத்தில் நிறுத்தி, காய்களின் பலத்தை வைத்து மதிப்பெண்ணை ஊகிக்க வேண்டும். வெட்டு அந்த ஊகத்தைத் திருத்தாது. ஊகம் தவறானால் தவறான விடையே விரைவாக வரும்.

சிறிய நிரல் எழுதிப் பழகுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் வேறு. அதற்கும் நம் நிலையே போதும். நிரல் தன் நகர்வுகளை 2, 3, 6 என்ற வரிசையிலேயே எடுக்கட்டும். எதிராளியின் பதில்களை மட்டும் பெரிய எண்ணிலிருந்து எடுக்கட்டும். 2-க்கு 0 வந்துவிட்டது. அடுத்து 3. எதிராளியின் முதல் பதில் 6, நிரல் 2-ஐ அடைக்கும், சமன், 0. ஆல்ஃபாவும் 0. விதிப்படி வெட்டு விழுகிறது, 3-க்கு 0 என்று பதில் திரும்புகிறது. 6-க்கும் இப்படியே 0. இப்போது மூன்றும் 0 என்று காட்டுகின்றன. ஆனால் 3-இல் வைத்தால் தோல்வி நிச்சயம் என்று நமக்குத் தெரியும்.

வெட்டில் பிழை இல்லை. வெட்டிய கிளையிலிருந்து வந்த 0-க்குப் பொருள் "இதன் மதிப்பு 0" என்பதல்ல. "0-க்கு மேல் போகாது, அதற்குக் கீழே எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை" என்பதே. 2-க்கு வந்த 0 முழுதாகப் பார்த்துக் கிடைத்த 0. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சிறந்த நகர்வைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் `>` என்று எழுதியிருந்தால் முதலில் வந்த 2 நிலைத்துவிடும், ஆபத்தில்லை. `>=` என்று எழுதினால் கடைசியாக வந்த 6-ஐ எடுத்துக்கொண்டு நிரல் தோற்கும். ஆட்டம் ஒரே மாதிரி இருக்க வேண்டாம் என்று சம மதிப்பெண் பெற்றவற்றில் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுக்கும் நிரல்கள் சில ஆட்டங்களில் மட்டும் தோற்கும். அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். மாற்றி மாற்றி ஆட வேண்டுமென்றால், தேடலுக்கு முன்பே முதல் நகர்வுகளின் வரிசையைக் கலைத்துவிட்டு `>` கொண்டு தேர்வதே பாதுகாப்பு.

இந்தப் பிழை வழக்கமான சோதனைக்கு அகப்படாது. வெட்டுள்ள நிரலும் வெட்டில்லாத நிரலும் ஒரே நிலைக்கு ஒரே மதிப்பெண்ணைத் தருகின்றனவா என்றுதான் பலர் பார்க்கிறார்கள். மேலே சொன்ன பிழையிலும் மொத்த நிலையின் மதிப்பு 0 என்று சரியாகவே வரும், நகர்வுதான் தவறு. எனவே வெட்டுள்ள நிரல் தேர்ந்த நகர்வைப் பலகையில் வைத்து, அந்தப் புதிய நிலையை வெட்டில்லாத மினிமேக்ஸிடம் கொடுத்து, வரும் மதிப்பு முதலில் சொன்ன மதிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். டிக்-டாக்-டோவில் வரக்கூடிய நிலைகள் மொத்தம் 5,478. அவற்றில் ஆட்டம் முடியாத எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் இப்படிச் சோதித்துவிடலாம்.