பிறமொழி நூலும் சொந்தத் தமிழும்

மலேசியாவின் லாயாங் லாயாங் வட்டாரத் தோட்டத் தமிழர் வரலாற்றைத் தமிழில் ஆய்வேடாக எழுதும் மாணவருக்கு, மலாயா இந்தியரைப் பற்றிய கெர்னியல் சிங் சந்துவின் 1969ஆம் ஆண்டு நூலும் சின்னப்பா அரசரத்தினத்தின் 1970ஆம் ஆண்டு நூலும் தவிர்க்க முடியாதவை. இரண்டும் ஆங்கிலத்தில் உள்ளன. மொழி மாறினாலே எழுத்து தன்னுடையதாகிவிடும் என்ற தவறான எண்ணம் இங்கேதான் நுழைகிறது. மாறியவை சொற்கள் மட்டுமே. செய்திகளைத் தேர்ந்ததும் கோத்ததும் நூலாசிரியர்தாம்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆங்கிலப் பத்தி இவ்வாறு சொல்வதாகக் கொள்ளலாம்: கங்காணி ஆள் சேர்த்ததற்குத் தரகு பெற்றார், அவருடைய ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்றார், ஆகவே, ஆட்கள் தோட்டத்தை விட்டுப் போகாமலிருப்பது அவருக்கு ஆதாயம். இதை மாணவர், "கங்காணிக்கு ஆள் திரட்டியதற்குக் கமிஷன் வழங்கப்பட்டது, மேலும், தொழிலாளர் பணிக்கு வந்த நாள்தோறும் தலைக்காசு அளிக்கப்பட்டது, எனவே, அவர்கள் நீங்காதிருப்பது அவருக்கு இலாபமாக இருந்தது" என்று எழுதினால் அது திருட்டே. மூன்று படிகளும் அதே வரிசையில் நிற்கின்றன. 'வழங்கப்பட்டது', 'அளிக்கப்பட்டது' என்ற செயப்பாட்டு வினைகளும் அடியிலிருக்கும் ஆங்கிலத்தைக் காட்டிக் கொடுக்கின்றன. பத்தி முடிவில் அடிக்குறிப்பு எண் இட்டாலும் குறை தீராது. கருத்து யாருடையது என்பதை அந்த எண் சொல்லும், வாக்கிய அமைப்பும் இரவல் என்பதைச் சொல்லாது. அப்படியே பெயர்த்துத் தர வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் இட்டு, மொழிபெயர்ப்பு கட்டுரையாளருடையது என்று குறிப்பதே முறை.

சொந்தத் தமிழில் சொல்வதற்குப் பத்தியை இருமுறை படித்து, நூலை மூடிவிட்டு, அது என்ன சொன்னது என்பதை ஒருவருக்கு வாய்மொழியாகச் சொல்வதுபோல் எழுத வேண்டும். பக்க எண்ணை அப்போதே குறித்துக்கொள்வது நல்லது. அப்படி எழுதினால் இவ்வாறு வரலாம்: "ஓர் ஆள் தோட்டத்தை விட்டு நீங்கினால் கங்காணிக்கு அந்த ஆளால் வந்த தலைக்காசும் நின்றது, ஆட்களை இருத்திவைப்பதில் அவருக்கு ஆதாயம் இருந்தது இதனால்தான் என்கிறார் நூலாசிரியர். தரகு ஒருமுறை வருவது, தலைக்காசு தொடர்ந்து வருவது என்பதையும் கவனிக்க வேண்டும்." முதல் வாக்கியம் நூலாசிரியரின் கருத்து. இரண்டாவது, மாணவர் தாமே கண்டது. 'என்கிறார்' என்ற சொல் இரவலின் எல்லையைத் தெளிவாக வரைகிறது. பிறகு நூலைத் திறந்து, பொருள் பிசகவில்லையா, வரிசை ஒட்டிக்கொள்ளவில்லையா என்று ஒப்பிட வேண்டும்.

ஓர் அதிகாரத்தையே சில வரிகளில் சுருக்கும்போது வேறோர் ஆபத்து உண்டு. கங்காணிக்கு ஆதாயம் இருந்தது என்று நூல் சொன்னதை, அவர் ஆட்களை அடைத்துவைத்தார் என்று சுருக்கினால், ஆசிரியர் சொல்லாததை அவர் வாயில் வைத்ததாகும். சந்து எடுத்தாளும் பழைய அரசு அறிக்கையை மாணவர் நேரில் பார்க்கவில்லையென்றால், சந்துவின் வழியாகவே பெற்றது என்று சொல்ல வேண்டும்.

ஒப்புமை காணும் மென்பொருள் பெரும்பாலும் ஒரே மொழிப் பிரதிகளைத்தான் எதிரெதிரே வைக்கிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த இரவல் அதில் சிக்காமல் போகலாம். ஆகவே, குறைந்த ஒப்புமை விழுக்காடு நற்சான்று ஆகாது. ஆய்வேட்டைத் திருத்தும் பேராசிரியர் அதே சந்துவையும் அரசரத்தினத்தையும் படித்தவராக இருப்பார்.