பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம்: எழுந்து வருமுன் அழிக்க வேண்டியவை

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிக்கும் ஒருவரின் விவரங்கள் அந்தக் கணினியில் இரண்டு இடங்களில் தங்குகின்றன. ஒன்று, பிரவுசரின் நினைவு. மற்றது, டவுன்லோடு செய்த, ஸ்கேன் செய்த கோப்புகள் கிடக்கும் ஃபோல்டர்கள். லாக் அவுட் செய்வதால் இவற்றில் எதுவும் அழியாது. இணையதளத்தில் திறந்திருந்த கணக்கு மட்டுமே மூடப்படும்.

பிரவுசரின் நினைவைச் சமாளிக்க, தொடங்கும்போதே Ctrl+Shift+N அழுத்தி குரோமின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்துகொள்வது எளிது. அதில் அடித்த பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் ஆகியவை அடுத்தவர் அதே படிவத்தைத் திறக்கும்போது பட்டியலாக எட்டிப் பார்க்காது. ஆனால் மறைநிலைச் சாளரங்கள் எத்தனை திறந்திருந்தாலும் எல்லாம் ஒரே அமர்வுதான். ஒன்றை மட்டும் மூடிவிட்டு எழுந்தால், மீதிச் சாளரத்தில் கணக்கு திறந்தே இருக்கலாம்.

சாதாரணச் சாளரத்திலேயே வேலை முடிந்துவிட்டால், முதலில் ஜிமெயில் உட்பட எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேற வேண்டும். பிறகு Ctrl+Shift+Delete அழுத்தி, உட்கார்ந்திருந்த நேரத்தை உள்ளடக்கும் கால அளவைத் தேர்ந்து, வரலாறு, குக்கீ, படிவத் தகவல்களை நீக்கலாம். கடவுச்சொல்லைத் தனியாகப் பார்ப்பது நல்லது. முகவரிப் பட்டையில் இப்படி அடித்தால் சேமித்தவை தெரியும்:

```
chrome://password-manager/passwords
```

'சேமிக்கவா?' என்ற கேள்விக்கு அவசரத்தில் ஆம் என்று அழுத்தியிருந்தால், அந்தப் பதிவு இங்கே இருக்கும்; அதை மட்டும் அழித்தால் போதும்.

பலரும் தவறவிடுவது கோப்புகளை. மறைநிலைச் சாளரத்தில் டவுன்லோடு செய்தாலும் கோப்பு Downloads ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். குரோமில் Ctrl+J அழுத்தினால் வரும் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவதும் கோப்பை அழிப்பதும் ஒன்றல்ல.

குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்த ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஆதார் அட்டை கையில் இல்லாததால் இ-ஆதாரை அங்கேயே டவுன்லோடு செய்து பிரிண்ட் எடுக்கிறார். போட்டோவும் கையெழுத்தும் ஸ்கேன் ஆகி, கேட்ட அளவுக்குச் சுருக்கப்படுகின்றன. கட்டணம் செலுத்தியதும் விண்ணப்பத்தின் பிடிஎஃப் இறங்குகிறது. இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று அவர் நிம்மதியாக இருக்கலாம். அந்தக் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். இரண்டுமே பக்கத்தில் கிடக்கும் விண்ணப்பத்தில் அச்சாகியிருக்கின்றன. பூட்டும் சாவியும் ஒரே ஃபோல்டரில்! கூடவே போட்டோவும் கையெழுத்தும் இருப்பதால், வேறொருவர் பெயரில் படிவம் நிரப்ப நினைப்பவருக்குத் தேவையானதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

ஆகவே Downloads, டெஸ்க்டாப், ஸ்கேனர் படங்களைச் சேமிக்கும் ஃபோல்டர் ஆகிய மூன்றையும் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தால், அன்றைய கோப்புகள் மேலே வரும். அளவு சுருக்கும்போது ஒரே போட்டோ இரண்டு மூன்று பெயர்களில் சேமிக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் தேட வேண்டும். தனக்குத் தேவையானதைத் தன் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டு, மற்றதைத் தேர்ந்து Shift+Delete கொடுத்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நீங்கும். மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் அதையும் எடுக்க முடியும் என்றாலும், அடுத்து உட்காருபவரின் கண்ணில் படாது.

சான்றிதழ்களைச் சென்டரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பும் வழக்கம் பரவலாக உள்ளது. அவை கடைக்காரரின் கைப்பேசியிலும் தங்கிவிடும். அனுப்பியவர் 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்தாலும், அதற்குள் கணினியில் சேமித்த பிரதி போகாது. தன் வாட்ஸ்அப்பையே அங்கே திறந்தவர், கைப்பேசியில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குச் சென்று அந்தக் கணினியை வெளியேற்ற வேண்டும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியிலும் கணக்கு திறந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் உண்டு. அழிக்க மறந்து வீடு வந்து சேர்ந்தவருக்கும் இந்த இரண்டும் கைகொடுக்கும்.

அழித்தல் உதவாத இடமும் உண்டு. விசைப்பலகையில் அடிப்பதையெல்லாம் பதிவு செய்யும் மென்பொருள் அந்தக் கணினியில் இருந்தால், மறைநிலைச் சாளரம் அதைத் தடுக்காது. பார்த்த மாத்திரத்தில் அதைக் கண்டுபிடிப்பதும் கடினம். சில சென்டர்களில் படிவத்தை நிரப்புபவரே கடவுச்சொல்லையும் வைத்து, ரசீதின் பின்னால் எழுதித் தருவார். வேலை சுலபம்தான், ஆனால் அது இருவருக்கும் தெரிந்த கடவுச்சொல். அவர் தன் மின்னஞ்சலையோ எண்ணையோ கொடுத்திருந்தால் சிக்கல் பெரிது. கடவுச்சொல்லை மாற்றக் கேட்கும் ஓடிபியும் அவருக்கே போகும். படிவத்தில் விண்ணப்பதாரரின் சொந்த எண்ணும் மின்னஞ்சலும் இருந்தால், அன்றே தன் கைப்பேசியிலிருந்து புதிய கடவுச்சொல் வைத்துவிடலாம். அதன்பின் அந்தக் கணினியில் பழையது பதிவாகியிருந்தாலும், அதை வைத்துக் கணக்கைத் திறக்க முடியாது.