பத்து மணி கடைக்குப் பத்தே முக்காலுக்கு வருபவர்

சனிக்கிழமை பத்து மணி ஃபேஷியலுக்குச் சொல்லிவைத்தவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அதைச் செய்ய வேண்டிய பெண் வருவதோ பத்தே முக்காலுக்கு. த்ரெட்டிங் செய்துகொண்டிருந்தவர் அந்த வேலைக்கு ஓட, மதியம்வரை எல்லோருடைய நேரமும் தள்ளிப்போகிறது. பார்லர் நடத்துபவர் வாடிக்கையாளர் எதிரிலேயே திட்டுவார். இல்லையென்றால் மாதக் கடைசியில் அரைநாள் சம்பளத்தைப் பிடிப்பார். திட்டினால் ஒரு வாரம் பலன் இருக்கும். அரைநாள் பிடிப்பதற்குச் சட்டமே இடம் தராது. வராத நேரத்துக்கு உரிய சம்பளத்தைத்தான் குறைக்கலாம்.

முதலில் தனியாக உட்காரவைத்துக் காரணம் கேட்க வேண்டும். பிள்ளையின் பள்ளி வேன் ஒன்பதே முக்காலுக்குத்தான் வருகிறது என்றால், அவர் நேரத்தைப் பத்தரை முதல் ஏழரை என்று மாற்றினாலே பிரச்சினை தீரலாம். பேசிய தேதியை நோட்டில் குறித்துவையுங்கள். பிறகும் தாமதம் தொடர்ந்தால் எழுத்து மூலம் எச்சரிக்கை.

"நீங்கள் எப்போதும் லேட்" என்று எழுதும் கடிதம் எதற்கும் உதவாது. இப்படி எழுதலாம்: "ஜூன் 3, 7, 14 தேதிகளில் முறையே 25, 40, 45 நிமிடம் தாமதமாக வந்தீர்கள். 14ஆம் தேதி ஒரு வாடிக்கையாளர் காத்திருந்து திரும்பிப் போனார். மே 20 அன்று இதுபற்றிப் பேசினோம். இனி 10 மணிக்குள் வர வேண்டும்; முடியாவிட்டால் 9 மணிக்குள் போனில் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு மாதத்தில் இது தொடர்ந்தால் இறுதி எச்சரிக்கை தரப்படும்." கீழே அவர் பதில் எழுத இடம் விடுங்கள். மணிப்பூரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்தவர் என்றால் அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் கொடுங்கள். கையெழுத்து, கடிதம் கிடைத்ததற்குத்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. இதைச் சொன்னாலே பலர் போட்டுவிடுவார்கள். மறுத்தால் சாட்சி ஒருவரின் கையெழுத்தோடு அதைக் குறித்துவைத்து, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம்.

சொல்லாமல் வராமல் இருப்பதைத் தனியாகப் பாருங்கள். காய்ச்சல் என்று காலையிலேயே போன் செய்தவரையும், மணப்பெண் அலங்காரம் இருக்கும் முகூர்த்த நாளில் போனை அணைத்துவிட்டவரையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது.

கடிதங்கள் இருப்பதாலேயே மறுநாள் வேலையை விட்டு நிறுத்திவிட முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41-இன்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நீக்க நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும், அல்லது அதற்கு ஈடான சம்பளமும் வேண்டும். முறையாக விசாரித்து, தவறான நடத்தை சாட்சியத்தோடு பதிவாகியிருந்தால் மட்டுமே நோட்டீஸ் தேவையில்லை. நீக்கப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம். அங்கே கேட்பது வருகைப் பதிவேட்டையும் இந்தக் கடிதங்களையும்தான்.

பெரும்பாலான பார்லர்களில் இந்த ஏற்பாடு கெடுவது ஒருவரால்தான். வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லித் தேடி வரும் மூத்த ஹேர் டிரெஸ்ஸர் பதினொரு மணிக்கு வந்தாலும் யாரும் கேட்பதில்லை. அவருடைய நேரமும் அதே பதிவேட்டில் ஏறாதவரை, உதவியாளருக்குக் கொடுக்கும் கடிதத்தைப் பழிவாங்கல் என்றுதான் மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள்.