ரிட்டர்ன் போடாதவருக்கு நோட்டீஸ்: முதலில் தாக்கலா, பதிலா?

ஓய்வுபெற்ற 62 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2024-25இல் அவருடைய பென்ஷனும் வட்டியும் சேர்ந்து 2.6 லட்சம் ரூபாய். வரி விலக்கு வரம்பான 3 லட்சத்துக்குள் இருந்ததால் ரிட்டர்ன் போடவில்லை. வீடு கட்ட எடுத்த 12 லட்சத்தை, கட்டாமலே மறுபடி சேமிப்புக் கணக்கில் ரொக்கமாகக் கட்டினார். ஆண்டுக்கு 10 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கம் கட்டினால் வங்கி வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும். "ஏன் தாக்கல் செய்யவில்லை?" என்று இணையதளத்தில் கேள்வி வருகிறது.

இவர் பதில்தான் தர வேண்டும். பணம் எடுத்த தேதியும் கட்டிய தேதியும் உள்ள பாஸ்புக் பக்கமே ஆதாரம். இரண்டுக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருந்தால், பணம் எங்கே இருந்தது என்றும் விளக்க வேண்டும்.

வாடகையும் சேர்ந்து வரி வருகிறதென்றால் வழி மாறும். மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31க்குள் தாமத ரிட்டர்ன் போட்டு, அந்த ஒப்புகை எண்ணோடு பதில் தருவதே சரி. தேதி தாண்டினால் கூடுதல் வரியோடு 'அப்டேட்டட் ரிட்டர்ன்' உண்டு. முதல் ஆண்டில் அது 25 சதவீதம். போகப் போக ஏறும். கட்ட வேண்டிய வரியே இல்லாதவர் அதைப் போட முடியாது.

நோட்டீஸில் 148ஏ என்ற பிரிவு இருந்தால், கெடு தேதிக்குள் பதில்தான் முதலில். அவசரமாகப் போடும் ரிட்டர்ன் அந்தப் பதிலுக்கு ஈடாகாது. ஆகவே நோட்டீஸ் வந்ததும் முதலில் பிரிவு எண்ணைப் பாருங்கள்.