பிரேக்கை மிதித்தும் கிளம்பாத கார்

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று. காலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் ரேடியோ மட்டும் பாடுகிறது. இன்னொரு முறை அழுத்தினால் டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிகின்றன. மூன்றாம் முறை எல்லாமே அணைந்துவிடுகின்றன. என்ஜின் ஒரு முறைகூட முனகவில்லை. நம்மில் பலர் உடனே பேட்டரியைத்தான் சந்தேகிப்போம். பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டு இழுத்துப் பார்ப்போம். பேட்டரி இறங்கியிருந்தால் டேஷ்போர்டு விளக்குகள் மங்கும், பட்டனை அழுத்தியதும் ரிலே டக் டக்கென்று அடிக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. பிரேக்கைத் தொடாமல் பட்டனை அழுத்தினால் கார் எப்படி நடந்துகொள்ளுமோ, அதே வரிசையில் இது நடந்துகொள்கிறது. உங்கள் கால் பிரேக்கின் மேல் இருக்கிறது என்பதே காருக்குத் தெரியவில்லை.

காருக்கு அதைச் சொல்ல வேண்டியது பிரேக் லைட் ஸ்விட்ச் என்ற கட்டைவிரல் அளவுப் பொருள். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் குனிந்து, பிரேக் பெடலின் தண்டு மேலே போய் முடியும் இடத்தைப் பார்த்தால் ஒரு தகட்டில் பொருத்தியிருப்பார்கள். அதன் முனையில் ஒரு சிறு ஊசி. பெடல் மேலே இருக்கும்போது அதன் தண்டு ஊசியை உள்ளே அழுத்தி வைத்திருக்கும். நீங்கள் மிதித்ததும் தண்டு விலகும், ஸ்பிரிங் ஊசியை வெளியே தள்ளும், உள்ளே இரண்டு உலோக முனைகள் சேர்ந்து மின்சாரம் பாயும். பின்னால் சிவப்பு விளக்கு எரியும். பிரேக் ஆயிலுக்கும் டிஸ்குக்கும் இந்த ஸ்விட்சுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது செத்துப்போனாலும் பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும். டேஷ்போர்டில் ஆச்சரியக்குறியோடு வரும் சிவப்பு எச்சரிக்கை ஹேண்ட் பிரேக்குக்கும் பிரேக் ஆயில் குறைவுக்கும் உரியது, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

முன்பெல்லாம் அந்த ஸ்விட்சுக்குப் பின்விளக்கை எரிப்பது ஒன்றே வேலை. இன்று அதே தகவலைப் பல பேர் காத்திருந்து கேட்கிறார்கள். குரூஸ் கண்ட்ரோல் அதைப் பார்த்துத்தான் விலகுகிறது. வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்சி அதைக் கணக்கில் எடுக்கிறது. கியர் லீவரைப் பார்க் நிலையிலிருந்து எடுக்கவிடும் பூட்டு அதற்காகக் காத்திருக்கிறது. ஸ்டார்ட் பட்டனின் பின்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதைத்தான் கேட்கிறது. மேனுவல் கியர் கார்களில் பெரும்பாலும் கிளட்ச் பெடலில் உள்ள இன்னொரு ஸ்விட்ச் இந்த வேலையைச் செய்வதால், பிரேக் ஸ்விட்ச் போனாலும் அவை கிளம்பிவிடும். சாவி திருகும் ஆட்டோமேட்டிக்கில் என்ஜின் ஓடத் தொடங்கும், லீவர்தான் பார்க்கை விட்டு நகராது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? 1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 என்ற கார், பார்க்கிலிருந்து கியர் மாற்றிய கணத்தில் தானாகப் பாய்கிறது என்று புகார்கள் குவிந்தன. 1986 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி அதை நாடெங்கும் பேசவைத்தது. பிரேக்கை மிதித்தால்தான் லீவர் நகரும் என்ற பூட்டை அந்த நிறுவனம் பொருத்தியது. 1989இல் வெளிவந்த அரசு ஆய்வு, இத்தகைய பாய்ச்சல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓட்டுநர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததே காரணம் என்றது. கால் பிரேக்கில் இருப்பதை உறுதிசெய்த பிறகே கியரை விடுவிப்பது அதற்கு நேரடியான மருந்து. 2010 செப்டம்பர் முதல் தயாரான, பார்க் நிலை உள்ள ஆட்டோமேட்டிக் கார்களுக்கு இந்தப் பூட்டை அமெரிக்கச் சட்டமே கட்டாயமாக்கியது. சாவி போய்ப் பட்டன் வந்தபோது அதே நிபந்தனை என்ஜினைக் கிளப்பும் கட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. ஒரு குழந்தை விளையாட்டாகப் பட்டனை அழுத்தினால் என்ஜின் ஓடிவிடக் கூடாது அல்லவா? அந்த வகையில் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இவ்வளவு முடிவுகளையும் ஒரு சிறிய ஸ்விட்சின் சொல்லை நம்பி எடுக்கும்போது, அது தடுமாறினால் எல்லாம் சேர்ந்து தடுமாறும்.

2013 ஏப்ரலில் அது பெரிய அளவில் நடந்தது. இந்த ஸ்விட்ச் ஒன்றுக்காக ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தன. சொனாட்டா, எலான்ட்ரா, சான்டா ஃபே, ஆப்டிமா, சொரெண்டோ என்று பட்டியல் நீண்டது. அவர்கள் அறிவித்த அறிகுறிகள் இவை: பிரேக் விளக்கு சில நேரம் எரியாது, குரூஸ் விலகாது, பார்க்கிலிருந்து லீவர் வராது, இஎஸ்சி எச்சரிக்கை எரியும், பட்டன் ஸ்டார்ட் வேலை செய்யாது. தனித்தனிக் கோளாறுகளாகத் தெரியும் ஐந்துக்கும் மூலம் ஒன்றே.

ஸ்விட்ச் ஒரே நாளில் சாவது குறைவு. 21 வாட் பல்பு இரண்டு எரிய மூன்றரை ஆம்பியர் ஓட வேண்டும். குளிர்ந்த இழை சூடாகும் அந்த நொடித்துளியில் அதைப்போல் சுமார் பத்து மடங்கு மின்சாரம் பாய முயலும். ஒவ்வொரு மிதிப்பிலும் உலோக முனைகளுக்கிடையே சிறு பொறி பறக்கும், முனை கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். நகர நெரிசலில் ஒரே பயணத்தில் எத்தனை முறை பிரேக்கைத் தொடுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். கருகிய முனை முதலில் விட்டுவிட்டுத்தான் இணையும். மெல்ல மிதித்தால் விளக்கு வராது, அழுத்தி மிதித்தால் வரும். ஸ்டார்ட் ஆகாத காரில் பிரேக்கை ஓங்கி மிதித்துப் பட்டனை அழுத்தினால் சில நாள் கிளம்பிவிடுவது இதனால்தான். அப்படிக் கிளம்பிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த வாரத்திலேயே பின்னால் வந்த வண்டிகளுக்குப் பல முறை பிரேக் விளக்கு தெரியாமல் போயிருக்கும்.

பல கார்களில் ஸ்விட்சுக்குள் இரண்டு ஜோடி முனைகள் உண்டு. ஒன்று மிதித்ததும் சேரும், மற்றது மிதித்ததும் பிரியும். என்ஜின் கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று மிதித்தாயிற்று என்றும் மற்றது இல்லை என்றும் சொன்னால் P0504 என்ற பிழை எண்ணைப் பதிவுசெய்யும். ஸ்கேனரில் இந்த எண் வந்தால் தேட வேண்டிய இடம் பெடலின் தலைமாடு.

இப்போது முதலில் சொன்ன காருக்கு வருவோம். திரையில் Check BRAKE SWITCH fuse என்று வந்திருக்கிறதா? ஹூண்டாய், கியா கார்களில் இந்த வரி, ஸ்விட்சுக்கு வரும் மின்சாரமே நின்றுவிட்டது என்பதைக் காட்டுகிறது. வேறு சில கார்களில் பிரேக் விளக்கு என்று மட்டும் எச்சரிக்கும். அது பின்னால் ஒரு பல்பு போனதாகவும் இருக்கலாம், பல்பு போனதற்காக என்ஜின் நிற்காது. எனவே முதல் சோதனை விளக்குதான். காரின் பின்பக்கம் சுவரை நோக்கி இருந்தால் மிதித்துக்கொண்டே கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று பார்க்கலாம், இல்லையென்றால் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லலாம். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பல்பு. மூன்றும் ஒருசேர எரியவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது ஸ்விட்ச்.

அடுத்து, ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தைப் பார்த்து ஸ்டாப் விளக்குக்கான ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போட்டதும் கார் கிளம்பும். ஆனால் பிரேக்கை மிதித்த உடனே அதுவும் போனால், குற்றம் ஸ்விட்சுக்கு அப்பால் இருக்கிறது. டிக்கி மூடி திறந்து மூடும் இடத்தில் மடிந்து மடிந்து தோலுரிந்த வயர் உடம்பில் பட்டுக்கொண்டிருக்கும், அல்லது விளக்குக் கூட்டுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். கூடுதல் ஆம்பியர் ஃபியூஸைப் போட்டுச் சமாளித்தால் வயர் எரியும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் மெக்கானிக் பெடலுக்கு அடியில் தலையை நுழைத்து ஸ்விட்ச் கனெக்டரில் மீட்டர் வைப்பார். பெடல் மேலே இருக்கும்போது விளக்கு ஜோடியின் ஒரு முனையில் 12 வோல்ட், மறுமுனையில் ஒன்றுமில்லை. மிதித்தால் இரண்டிலும் 12 வர வேண்டும். நம் காரில் மிதிக்கும்போது மறுமுனையில் ஒருமுறை 12 வருகிறது, அடுத்த முறை 4, அதற்கடுத்து ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு முறை மிதித்து 12 வந்ததைப் பார்த்து ஸ்விட்ச் நல்லது என்று சொல்லியிருந்தால் ஏமாந்திருப்போம். மெல்லவும் அழுத்தியும் பல முறை மிதித்துப் பார்க்க வேண்டும்.

மெக்கானிக் கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டால்? ஃபியூஸ் போன நிலைக்கு ஹூண்டாய் கையேடு ஒரு வழி தருகிறது. லீவரைப் பார்க்கில் வைத்து, பட்டனை ஒருமுறை அழுத்தி ஏசிசி நிலைக்கு வந்து, பிறகு 10 நொடி விடாமல் அழுத்தினால் என்ஜின் கிளம்பும். டொயோட்டாவிலும் இப்படி ஒரு அவசர வழி உண்டு. அங்கே பிரேக்கை நன்றாக மிதித்தபடி சுமார் 15 நொடி அழுத்த வேண்டும். லீவர் நகராவிட்டால் அதன் அருகில் சிறு மூடிக்குள் பூட்டை விடுவிக்கும் துளை பல கார்களில் இருக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவி முனையை அதில் அழுத்தி லீவரை இழுக்கலாம். இப்படிக் கிளம்பும் காருக்குப் பின்னால் பிரேக் விளக்கு கிடையாது. பக்கத்துப் பட்டறை வரை, பகலில், ஓரமாக, மெதுவாகப் போவதற்கு மேல் இதை நம்பக் கூடாது. நெடுஞ்சாலையாக இருந்தால் இழுவை வண்டியைக் கூப்பிடுவதே சரி.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பெடல் தண்டில் ஸ்விட்சின் ஊசி வந்து முட்டும் இடத்தில் ஒரு துளை, அதை அடைத்தபடி ரப்பர் அல்லது பிளாஸ்டிக்கில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். வயதாகி அது உடைந்து விழுந்துவிட்டால் ஊசி துளை வழியே நீண்டு வெளியே வந்துவிடும். பெடலைத் தொடாமலே கால் அதன் மேல் இருப்பதாகக் கார் நம்பும். காரை நிறுத்திவிட்டுப் போன பிறகும் பின்விளக்கு எரியும், மறுநாள் பேட்டரி காலி. பிரேக்கை மிதிக்காமலே லீவர் நகரும் என்பது அதைவிட ஆபத்து. கால் மிதியில் நொறுங்கிய பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால், புது ஸ்விட்ச் வாங்கும் முன் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்விட்சை மாற்றினாலும் அந்தத் துளை அடைபடாதவரை விளக்கு அணையாது.

புது ஸ்விட்ச் போடும்போது ஊசிக்கும் பெடலுக்கும் உள்ள இடைவெளி முக்கியம். ஸ்விட்சைப் பெடலை ஒட்டி நெருக்கிப் பொருத்தினால் பெடல் முழுதாக மேலே வராமல் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். தள்ளிப் பொருத்தினால் விளக்கு அணையாது. சில ஸ்விட்சுகள் பொருத்தும்போது ஒரே ஒரு முறை தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும் வகை. அவற்றைப் பொருத்தும்போது பெடலை மிதித்து வைப்பதா விட்டுவிடுவதா என்பது காருக்குக் கார் மாறும், தவறினால் இன்னொரு ஸ்விட்ச்தான் வாங்க வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் பெடலை அரை அங்குலம் மட்டும் மெல்ல அழுத்தி விளக்கு வருகிறதா, விட்டதும் அணைகிறதா என்று பார்த்துவிட்டு, பிரேக்கில் கால் வைக்காமல் லீவரை இழுத்துப் பாருங்கள். அது அசையாமல் பார்க்கிலேயே நின்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம்.