கரண்ட் போன பிறகு இலைக்கு வரும் சாப்பாடு

இரவு எட்டரை மணி. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிடும் ஓர் ஓட்டலில் கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்புக்கான மின்நிறுத்தம் பெரும்பாலும் பகலில், முன்கூட்டியே அறிவித்து வருவது. இரவில் போவது அநேகமாகப் பழுது. எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மணியைப் பார்த்து ஒரு தாளில் எழுதிவைப்பதுதான் முதல் வேலை. அடுத்து வரும் முடிவெல்லாம் அந்த நேரத்தை வைத்துத்தான்.

வெளிச்சத்தை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும், ஆனால் எவ்வளவு நேரம்? 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் காகிதக் கணக்குக்கு 1,800 வாட்-அவர் இருக்கும். இழப்பு போக, கைக்கு வருவது சுமார் 1,200. பத்து எல்.இ.டி. பல்பு, நான்கு மின்விசிறி, பில் மிஷின் எல்லாம் சேர்ந்து 400 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம் தாங்கும். பேட்டரி பழசென்றால் அதில் பாதிகூட வராது. சமையற்கட்டு, படிக்கட்டு, கைகழுவும் இடம் ஆகிய மூன்றிலும் தானாக எரியும் எமர்ஜென்சி விளக்கு தனியே இருக்க வேண்டும். கேஸ் அடுப்புப் பக்கம் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. புகைபோக்கி விசிறி நின்றுவிட்டால் சன்னல், கதவுகளைத் திறந்து, பாதி அடுப்பை அணைத்துவிடுங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை அறைக்குள்ளோ, மாடிப்படிக்குக் கீழோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது; தலைசுற்றல் வந்த பிறகுதான் தெரியும். சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைத்தால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மீது அந்த மின்சாரம் பாயும்.

இருட்டை விட எனக்குப் பயம் ஃப்ரிட்ஜைப் பற்றித்தான். 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் நிற்கிற உணவில் கிருமி வேகமாகப் பெருகும். கதவைத் திறக்காத ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். ஆனால் வியாபார நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்தால் அந்தக் கணக்கு செல்லாது. நாற்றம் வரவில்லையே என்று சமாதானம் கொள்ள வேண்டாம். நோய் தரும் கிருமிகள் பல, வாடையை மாற்றுவதில்லை. தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளேயே வைத்திருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆகவே மெனுவைச் சுருக்குவது ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருப்பதற்காகத்தான். பரோட்டா, தோசை, கொதித்துக்கொண்டிருக்கும் சால்னா, ஆவியில் இருக்கும் இட்லி ஓடட்டும். மசாலா தடவி ஃப்ரிட்ஜில் வைத்த சிக்கன், மீன், ஜூஸ், ஐஸ்கிரீம், பால் இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மிக்ஸி ஓடாததால், அரைத்து வைத்த தேங்காய்ச் சட்னி தீர்ந்தால் தீர்ந்ததுதான். மோட்டார் ஓடாது, மேல்தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். கை கழுவத் தண்ணீர் இல்லாத கடை சமைக்கக் கூடாது.

வந்தவரிடம் ஆர்டர் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: “அண்ணாச்சி, கரண்ட் போயிட்டு. பரோட்டா, தோசை, இட்லி உண்டு. சிக்கன் 65, ஜூஸ் இப்ப கிடையாது. ஏ.சி. ஓடாது, அதுக்கு உள்ள விலை போட மாட்டோம்.” கடைசி வரி தாராளம் அல்ல, நியாயம். ஏ.சி. ஹாலுக்குத் தனி விலைப்பட்டியல் வைத்திருக்கும் கடை, ஏ.சி. ஓடாதபோதும் சொல்லாமல் அந்த விலையை வாங்கினால், அதைச் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் கேட்கலாம். சாதாரண உணவகத்தில் 2017 நவம்பர் 15 முதல் ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜி.எஸ்.டி. 5 சதவீதமே, வரியில் வேறுபாடு காட்டினால் தவறு. சேவைக் கட்டணத்தைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. சாப்பிட வந்தவர்கள் பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கெட்டுப்போன உணவென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. படமும் பில்லும் சேர்த்து அனுப்புங்கள்.

கடைக்காரருக்கும் உரிமை உண்டு. பக்கத்துக் கடையில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழைத்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் சேவைத் தர விதிப்படி சிறு தொகை இழப்பீடாகக் கேட்கலாம். மறுத்தால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், பிறகு மின்குறைதீர்ப்பாளர். ஃப்ரிட்ஜில் வீணான கறியின் விலைக்கு அந்தத் தொகை ஈடாகாது.

வெள்ளம் போன்ற பேரிடரில் அந்த இழப்பீடும் கிடைக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது திருநெல்வேலியின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆற்றோரத்தில் கடை வைத்திருப்பவர்கள் ஜெனரேட்டர், பேட்டரி, மீட்டர் பெட்டி மூன்றையும் அந்த வெள்ளம் தொட்ட உயரத்துக்கு மேல் ஏற்றிப் பொருத்துங்கள். தண்ணீர் புகுந்த கடையில் மின்சாரம் திரும்பினாலும், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள்.